‘சுத்திகரித்த நீர்’ என்று எழுதியிருந்த குழாய்: ஒரு வணிகக் கட்டடத்தின் லைன்களுக்கு நிறமும் பெயரும் இட்ட கதை

கட்டடப் பராமரிப்பு என் கைக்கு வந்த இரண்டாவது வாரம். அடித்தளத்தில் பம்ப் அறைக்குப் பக்கத்தில், துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர் ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார். குழாய்க்கு மேலே வெள்ளைத் தாளில் ‘சுத்திகரித்த நீர்’ என்று அச்சடித்து ஒட்டியிருந்தது.

“அக்கா, அதைக் குடிக்காதீங்க” என்றேன்.

“சுத்திகரிச்சதுன்னு போட்டிருக்கே சார்” என்றார்.

அவர் படித்ததில் எந்தத் தப்பும் இல்லை. அது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர். கழிப்பறை ஃபிளஷுக்கும் தோட்டத்துக்கும் மட்டும்தான். ‘ட்ரீட்டட் வாட்டர்’ என்பதை யாரோ அப்படியே தமிழாக்கி ஒட்டியிருந்தார்கள். ஆனால் அதே வார்த்தைதான் குடிநீர் வடிகட்டிக்கும், மென்னீராக்கும் கருவிக்குப் பிறகு வரும் தண்ணீருக்கும் வழங்குகிறது. அன்றே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, குழாயின் கைப்பிடியையும் கழற்றி எடுத்துவைத்தேன். கட்டடம் முழுக்க லைன்களுக்கு நிறமும் பெயரும் போடும் வேலை அங்கேதான் தொடங்கியது.

கட்டடம் தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடி, பைப்புகள் மேலும் கீழும் ஓடும் ஷாஃப்ட் இரண்டு. ஒரு ஷாஃப்ட்டின் கதவைத் திறந்தால் ஒன்பது பைப். கறுப்பு இன்சுலேஷன் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தகடு போட்டவை இரண்டு. சாம்பல் நிறத்தில் பெரியவை மூன்று. மீதி நான்கும் ஒரே வெள்ளை, ஒரே தடிமன். குளிர்ந்த நீரும் ஃபிளஷ் நீரும் ஒரே வகை வெள்ளை பைப்பில் ஓடின. வரைபடம் இருந்தது. ஆனால் அதில் ஏழு பைப்தான் இருந்தன.

எனக்குக் கீழே வேலை செய்த பிளம்பர் அண்ணன் அனுபவசாலி. “ஸ்டிக்கர் வாங்கிட்டு வாங்க, ரெண்டு நாள்ல ஒட்டிடலாம்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் இல்லாத பைப்பில் கை வைப்பதற்கு முன் எவரும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். தப்பான பெயர் போட்ட பைப்பில் யோசிக்காமல் கை வைப்பார்கள். அதனால் எந்த லைனில் என்ன ஓடுகிறது என்று நிரூபித்த பிறகுதான் ஒட்டுவது என்று முடிவு செய்தோம். ஒட்டும் வேலை நான்கு நாளில் முடிந்தது. கண்டுபிடிக்கும் வேலைக்கு மூன்று வாரம் ஆனது.

முதலில் வெந்நீர். இன்சுலேஷன் போட்ட இரண்டில் ஒன்று மேலே போகும் வெந்நீர், மற்றது வெந்நீர்த் தொட்டிக்குத் திரும்பி வரும் லைன். எது எது? அகச்சிவப்பு வெப்பமானியை அலுமினியத் தகட்டின் மேல் காட்டினால் இரண்டிலும் 30 டிகிரிதான் காட்டியது. பளபளப்பான அலுமினியம் தன் சூட்டை மிகக் குறைவாகத்தான் கதிர்வீச்சாக விடும். எதிரே இருப்பதைத்தான் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். கருவி எதிர்ச்சுவரின் சூட்டைப் படித்துக் கொண்டிருந்தது. போதாததற்குத் தகடு இன்சுலேஷனுக்கு வெளியே இருப்பது. அதனால் வால்வுக்குப் பக்கத்தில் இன்சுலேஷன் இல்லாத இடத்தில் கறுப்பு மின் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் அளந்தோம். ஒன்று 58, மற்றது 51. பிறகு சுழற்சி பம்பை அரை மணி நேரம் நிறுத்தினோம். 51 காட்டிய லைன் மளமளவென இறங்கியது, அது திரும்பி வருவது. கிருமி பெருகாமல் இருக்கத் தொட்டியில் 60 டிகிரியும் திரும்பும் லைனில் குறைந்தது 50 டிகிரியும் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. அதனால் திரும்பும் லைனுக்குத் தனிப் பெயரும் தனி அம்புக்குறியும் அவசியம். இரண்டுக்கும் ‘வெந்நீர்’ என்று மட்டும் போட்டால், யாராவது திரும்பும் லைனின் வால்வை மூடிவிட்டுப் போவார்கள். குழாயில் வெந்நீர் வந்துகொண்டுதான் இருக்கும், தாமதமாக வரும். எவருக்கும் தெரியாது.

கழிவு லைன்களுக்குச் சாயம். ஃப்ளோரசீன் என்ற பச்சைச் சாயத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஐந்தாவது மாடியில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஊற்றி, கீழே எந்த ஆய்வுத் தொட்டியில் பச்சை தெரிகிறது என்று பார்த்தோம். மூன்று சாம்பல் பைப்பில் ஒன்று கழிப்பறைக் கழிவு, ஒன்று கைகழுவும் தொட்டிகளின் கழிவு, மூன்றாவது மழைநீர். எல்லாவற்றையும் எல்லாரும் ‘டிரெயின்’ என்றுதான் சொல்லி வந்தார்கள். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் மழைநீர் லைனில் சேர்ந்திருந்தது. அது பரவாயில்லை. கழிப்பறை லைனில் தண்ணீர்ப் பூட்டு இல்லாமல் சேர்ந்திருந்தால் அறைக்குள் நாற்றம் ஏறியிருக்கும்.

இனி நான்கு வெள்ளை பைப். குளிர்ந்த நீர், ஃபிளஷ் நீர் என்று பிரிக்க எளிய வழி, நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர். மேல்தொட்டி நீரில் 280 பிபிஎம், சுத்திகரிப்பு நிலையத் தொட்டியில் 860. வித்தியாசம் இவ்வளவு இருப்பதால் எந்தக் குழாயைத் திறந்து பார்த்தாலும் எண்ணே சொல்லிவிடும். தளம் தளமாகப் போய் அளந்தோம். ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று, தரைத்தளம் எல்லாம் சரி. மூன்றாவது மாடி மட்டும் சரியில்லை.

அங்கே காலை பத்தரைக்கு ஃபிளஷ் நீரில் 610 வந்தது. மீட்டர் கோளாறு என்று நினைத்து மறுநாள் காலை ஆறு மணிக்கு, அலுவலகத்தில் ஆள் வருவதற்கு முன் அளந்தேன். ஃபிளஷில் 850. சரியாக இருந்தது. பக்கத்திலேயே தேநீர் போடும் அறை. அங்கே குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து முதல் தண்ணீரைப் பிடித்தேன். 430. இரண்டு நிமிடம் ஓடவிட்டதும் 280க்கு வந்தது.

அந்த 430ஐப் பார்த்ததும் கை நடுங்கியது உண்மை. பகலில் நல்ல தண்ணீர் ஃபிளஷுக்குப் போகிறது. இரவில் ஃபிளஷ் நீர் குடிக்கும் குழாய்க்கு வருகிறது. எங்கோ இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

ஒரே இணைப்பில் இரண்டு திசையிலும் எப்படி ஓட முடியும் என்று பிளம்பர் அண்ணன் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். குளிர்ந்த நீர் மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்குகிறது. மூன்றாவது மாடிக் குழாய்க்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் சுமார் 10 மீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஃபிளஷ் நீர் அடித்தளத்திலிருந்து அழுத்த பம்ப் மூலம் ஏறுகிறது. அந்த பம்ப் 2.5 பாரில் நிற்கும், 1.8 பாருக்கு இறங்கினால் மீண்டும் ஓடும். பம்புக்கும் மூன்றாவது மாடிக்கும் 13 மீட்டர் உயரம், அதற்கு 1.3 பார் கழித்துவிட வேண்டும். அப்படியானால் மூன்றாவது மாடியில் ஃபிளஷ் லைனின் அழுத்தம் 0.5 முதல் 1.2 பார் வரை ஏறி இறங்கும். குளிர்ந்த நீரோ 1 பாரிலேயே நிற்கும். கூட்டமான நேரத்தில் அடிக்கடி ஃபிளஷ் செய்வதால் அந்த லைனின் அழுத்தம் 1 பாருக்குக் கீழே இறங்குகிறது, நல்ல நீர் அதில் நுழைகிறது. எல்லாரும் போன பிறகு பம்ப் கடைசியாக ஓடி 2.5இல் நிற்கிறது, மூன்றாவது மாடியில் 1.2. இப்போது ஃபிளஷ் நீர் நல்ல லைனுக்குள் தள்ளப்படுகிறது. இரண்டு அழுத்தமும் சமமாகும் வரை ஓடி நின்றுவிடும், சில லிட்டர்தான். ஆனால் அந்தச் சில லிட்டர் தேநீர் அறையின் கிளை பைப்பை நிரப்பப் போதும். காலையில் முதலில் வருபவர் பிடிப்பது அதைத்தான். மற்ற மாடிகளில் இந்தக் கோளாறு தெரியாமல் போனதற்குக் காரணம், கலப்பு மூன்றாவது மாடியின் கிளைகளுக்கு இடையே மட்டும் இருந்தது.

அன்றே அந்தத் தளத்தின் எல்லாக் குழாய்களையும் மூடி, குடிக்கக் கூடாது என்று அறிவித்து, வெளியிலிருந்து குடிநீர் கேன் வரவழைத்தோம். பிறகு உறுதிப்படுத்தும் சோதனை. ஃபிளஷ் பம்பை நிறுத்தி, அதன் வெளியேறும் வால்வையும் மூடி, மூன்றாவது மாடி ஃபிளஷ் வால்வைத் திறந்தோம். பைப்பில் மீதியிருந்த நீர் வடிந்து நின்றிருக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகியும் மெல்லிய தாரை நிற்கவில்லை. குளிர்ந்த நீரின் கிளை வால்வை மூடியதும் நின்றது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு லைனின் மூலத்தை மூடினால் அந்த லைன் வறண்டுபோக வேண்டும். வறளாவிட்டால் வேறு எங்கிருந்தோ நீர் வருகிறது. ஒவ்வொரு லைனுக்கும் இதைச் செய்து பார்க்காமல் பெயர் ஒட்டக்கூடாது.

கழிப்பறையின் பொய்க்கூரைப் பலகையைக் கழற்றியதும் இணைப்பு கிடைத்தது. 20 மி.மீ. பைப் ஒரு முழம் நீளம், நடுவில் ஒரு பால் வால்வு, கைப்பிடி முக்கால்வாசி மூடிய நிலையில். எப்போதோ சுத்திகரிப்பு நிலையம் பழுதானபோது ஃபிளஷுக்கு நல்ல நீர் கொடுக்கத் தற்காலிகமாகப் போட்டதாக இருக்க வேண்டும். நிலையம் சரியானது, இணைப்பு அப்படியே நின்றுவிட்டது. போட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றைக்கு அவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் குடிநீருக்கும் கழிவுநீர் வழி வந்த நீருக்கும் நடுவில் ஒரு வால்வை மட்டும் நம்பக்கூடாது. நீரை ஒரு திசையில் மட்டும் விடும் திரும்பாத வால்வு போட்டிருந்தாலும் என் பதில் அதேதான். அதன் மூடி படியும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும்.

இரண்டு பக்கமும் வெட்டி, மூடி போட்டு அடைத்தோம். மூன்றாவது மாடிக் கிளையை லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் கரைசலால் நிரப்பி 24 மணி நேரம் வைத்து, கழுவிவிட்டு, ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை தேறிய பிறகுதான் குழாய்களைத் திறந்தோம். நிலையம் மறுபடி பழுதானால் என்ன செய்வது? அதற்கு ஒரு வழி வைக்காவிட்டால் இன்னொருவர் இன்னோர் இணைப்பைப் போடுவார். அடித்தளத்திலுள்ள சுத்திகரித்த நீர்த் தொட்டிக்கே நல்ல நீர் பைப் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் வாயைத் தொட்டியின் வழிந்தோடும் விளிம்புக்கு மேலே காற்றில் நிறுத்தினோம். இடைவெளி பைப்பின் உள்விட்டத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். எங்களுடையது 40 மி.மீ. பைப், அதனால் 80க்குப் பதில் 100 மி.மீ. விட்டோம். காற்றைத் தாண்டி நீர் மேலே ஏறாது. அது ஒன்றுதான் பழுதாகாத தடுப்பு.

சரி, இப்போது நிறம். இதில் பலரும் நினைப்பதைவிடக் குழப்பம் அதிகம். பிளம்பர்களின் பழக்கத்தில் நீலம் குளிர்ந்தது, சிவப்பு வெந்நீர். ஆனால் தீயணைப்பு லைனுக்கும் சிவப்புதான். அமெரிக்கத் தரமான ஏஎஸ்எம்இ ஏ13.1இல் தீயணைப்பு நீர் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. குடிநீரும் குளிரூட்டும் நீரும் கொதிகலன் நீரும் எல்லாம் ஒரே பச்சை, எழுத்துதான் பிரித்துக் காட்டும். நீலம் அதில் அழுத்தக் காற்றுக்கு. பிரிட்டனின் பிஎஸ் 1710இலும் இந்தியாவின் ஐஎஸ் 2379இலும் நீருக்கு அடிப்படை பச்சைதான், அதன்மேல் வேறு நிறப் பட்டைகள் வகையைச் சொல்லும். மறுசுழற்சி நீருக்கு ஊதா என்பது கலிஃபோர்னியாவில் தொடங்கிப் பரவிய வழக்கம். நாட்டின் சட்டம் எந்தத் தரத்தைக் கேட்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு தரத்திலிருந்து பிடித்ததைப் பொறுக்கி எடுத்துக் கலக்கக்கூடாது.

எங்களுக்குப் பச்சை அடிப்படைதான் பொருந்தியது. எல்லா நல்ல நீருக்கும் பச்சைப் பட்டை, அதன் நடுவில் குளிர்ந்த நீருக்கு ஒடுக்கமான நீலம், வெந்நீருக்குக் கருஞ்சிவப்பு. முழுச் சிவப்பு தீயணைப்புக்கு மட்டும். கழிவுக்குக் கறுப்பு. ஃபிளஷ் நீருக்கு ஊதா, அதில் பச்சை ஒரு துளியும் இல்லை. குடும்பத்தில் சேராதது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

வார்த்தைகளுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ‘சுத்திகரித்த’ என்ற சொல்லைக் கட்டடத்திலிருந்தே எடுத்துவிட்டோம். ‘கழிவுநீர் மறுசுழற்சி – குடிக்காதீர்’ என்று எழுதினோம். மென்னீர் லைனுக்கு ‘மென்னீர்’. கழிவுகளுக்கு ‘கழிப்பறைக் கழிவு’, ‘கைகழுவும் கழிவு’, ‘மழைநீர்’. அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பாட்டில் அக்காவிடமும் காவலரிடமும் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டோம். கைகழுவும் கழிவுக்கு நான் முதலில் எழுதியிருந்த ‘சாம்பல்நீர்’ இருவருக்கும் புரியவில்லை. விட்டுவிட்டேன். எங்கள் உதவியாளர் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பச்சைப் பட்டைமேல் கருஞ்சிவப்பு அவருக்கு ஒரே பழுப்பு. எழுத்தும் அம்பும் இல்லாமல் நிறம் மட்டும் போட்டிருந்தால் அவருக்கு அந்த ஷாஃப்ட் பழையபடி ஒன்பது பைப்தான்.

எழுத்தின் அளவு பைப்பின் வெளிவிட்டத்தைப் பொறுத்தது, இன்சுலேஷனையும் சேர்த்து. 50 மி.மீ. குளிர்ந்த நீர் பைப்புக்கு 19 மி.மீ. உயர எழுத்து. வெந்நீர் பைப் 40 மி.மீ.தான் என்றாலும் 25 மி.மீ. இன்சுலேஷன் இருபுறமும் சேர்ந்து 90 ஆகிவிடுவதால், அதற்கு 32 மி.மீ. எழுத்து. இடம்: ஒவ்வொரு வால்வின் அருகில், ஒவ்வொரு கிளை பிரியுமிடத்தில், சுவரையோ தளத்தையோ துளைத்துப் போகும் இரு பக்கத்திலும், நேராக ஓடுமிடத்தில் ஏழு மீட்டருக்கு ஒன்று. கூரையடியில் ஓடும் பைப்புகளில் பக்கவாட்டில் ஒட்டாமல், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படும்படி அடிப்புறமாக ஒட்டினோம்.

ஒட்டுவதில் முதல் வாரமே தோற்ற இடம் குளிர்ந்த நீர் லைன். பைப்பின் மேல் வியர்த்திருந்ததைத் துணியால் துடைத்துவிட்டு ஒட்டினோம், மூன்றாம் நாள் ஓரம் தூக்கியது. அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய விட்டு, பட்டையைப் பைப்பைச் சுற்றி முழுதாகச் சுற்றி, முடிவில் 25 மி.மீ. தன்மேலேயே படியும்படி ஒட்டினோம். பசை பைப்பில் பிடிக்காவிட்டாலும் தன்மேல் பிடித்துக்கொள்ளும். கறுப்பு ரப்பர் இன்சுலேஷனில் எதுவும் எளிதில் ஒட்டாது, அங்கும் இதே முறைதான். வெந்நீர் ஓடும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பில் மட்டும் கவனம் வேண்டும். எண்ணெய் சார்ந்த பெயின்டின் கரைப்பானும், மென்மையான வினைல் டேப்பில் உள்ள பிளாஸ்டிக் மென்மையாக்கியும் அதைத் தாக்கி நாளடைவில் விரிசல் விட வைக்கலாம். வெந்நீர் லைனில் இன்சுலேஷன் தகட்டின் மேல்தான் ஒட்டினோம். வெளியே தெரிந்த துண்டுகளுக்கு நீர் சார்ந்த அக்ரிலிக் பெயின்டும், கம்பியில் தொங்கும் அட்டையும். வெப்பநிலை பார்க்கச் சுற்றிய மின் டேப்பை அளந்த அன்றே எடுத்துவிட்டதும் அதனால்தான்.

மொட்டைமாடியில் வெயில் சிவப்பைத்தான் முதலில் தின்னும். பழைய கருஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று வெளிறி ரோஜா நிறமாகி, ஊதாவோடு குழம்பும் நிலையில் இருந்தது. அங்கே ஸ்டிக்கரே வேண்டாம் என்று பெயின்ட் பட்டையும் எழுத்து குடைந்த அலுமினியத் தகடும் போட்டோம்.

வால்வு ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த வட்டத் தகடு. ஷாஃப்ட் கதவின் உட்புறத்தில் ஒரு பட்டியல்: எண், எந்த லைன், எந்தப் பகுதியை மூடும், வழக்கமாகத் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா. இந்தக் கடைசி விவரம்தான் முக்கியமானது. முக்கால்வாசி மூடிய அந்தப் பால் வால்வு ஒரு பட்டியலில் இருந்திருந்தால் யாராவது முன்பே கேட்டிருப்பார்கள்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து மூன்றாவது மாடியில் காலை ஆறுக்கும் பத்தரைக்கும் அளந்தோம். தேநீர் அறையில் இரு முறையும் 280ஐ ஒட்டி, ஃபிளஷில் இரு முறையும் 850க்கு மேல். அன்று கடைசியாக ஒரு தகடு போட்டோம். அடித்தளத் தொட்டிக்கு மேலே, அந்த 100 மி.மீ. இடைவெளிக்குப் பக்கத்தில். பிளம்பர் அண்ணன்தான் வாசகத்தைச் சொன்னார்: ‘தண்ணீர் தெறிக்கிறது என்று இந்தப் பைப்பை நீட்டாதீர்கள். இந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது.’